மருந்து முதலில் மனைவிக்கு

கேள்வி: "எனக்கு 59 வயது, மனைவிக்கு 54. அவவுக்கு மாதவிடாய் நின்று மூன்று வருடம். ஒரு வருடமாகச் சேரும்போதெல்லாம் நோகுது, எரியுது என்கிறா. அவ முகத்தைச் சுளித்தவுடன் எனக்குத் தளர்ந்துவிடுகிறது. விடியற்காலையில் எழும்பும்போது விறைப்பு இருக்கிறது. போன மாதம் பாமசியில் ஒரு நீலக் குளிசை வாங்கிப் போட்டேன். விறைப்பு தளரவில்லை, ஆனால் அவவுக்கு இரத்தம் கசிந்தது. அதற்குப் பிறகு இருவரும் கிட்டப் போகவில்லை. வருத்தம் எனக்கா, அவவுக்கா? யாழ்ப்பாணத்தில் யாரிடம் காட்டுவது?"

முதலில் அந்த இரத்தத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் ஆறுதலாகப் பேசலாம். மாதவிடாய் நின்று ஒரு வருடம் கடந்த பெண்ணுக்கு எப்போது இரத்தம் பட்டாலும், ஒரு சொட்டானாலும், அதை ஒரு தடவை பார்க்கத்தான் வேண்டும். உங்கள் மனைவிக்கு வந்தது பெரும்பாலும் வாசலின் பின்பக்கம், மலவாசலை நோக்கிய ஓரத்தில், தோல் கீறுப்பட்டதால் வந்ததாக இருக்கும். இந்த வயதில் அந்த இடம்தான் முதலில் கிழியும். ஆனால் "பெரும்பாலும்" என்பதை வைத்துக்கொண்டு வீட்டில் இருக்க முடியாது. கர்ப்பப்பையின் உட்படலத்தில் புற்றுநோய் தொடங்கினாலும் முதல் அடையாளம் இப்படி வரும் இரத்தம்தான். ஒரு பரிசோதனையும் யோனி வழியாக எடுக்கும் ஸ்கானும் போதும். உட்படலம் 4 மில்லிமீற்றருக்குள் மெல்லியதாக இருந்தால் பொதுவாகப் பயமில்லை. அதைவிடத் தடித்திருந்தால், அல்லது இரத்தம் திரும்பத் திரும்ப வந்தால், சிறு துண்டெடுத்துப் பார்ப்பார்கள். அது முடியும்வரை சேராமல் இருங்கள்.

இனி வருத்தம் யாருக்கு என்ற கேள்வி. நீங்கள் எழுதியதை வைத்துச் சொன்னால் நோய் அவவின் தோலில் இருக்கிறது; அதன் எதிரொலி உங்கள் உடம்பில் கேட்கிறது. அதனால்தான் உங்களுக்குப் போட்ட குளிசை அவவைக் காயப்படுத்தியது. எதிரொலிக்கு மருந்து கொடுத்தீர்கள், சத்தம் எழும்பும் இடம் அப்படியே இருந்தது.

அந்தத் தோலுக்கு என்ன நடந்தது என்பது விளங்கினால் பாதிக் குழப்பம் தீரும். யோனியின் உட்சுவர் ஈஸ்ட்ரஜன் ஓமோனை நம்பி வாழும் தோல். ஓமோன் இருக்கும் காலத்தில் அது பல அடுக்காகத் தடித்து, மடிப்பு மடிப்பாக இருக்கும்; இழுத்தால் இழுபட்டு, விட்டால் பழையபடி வரும். ஆசை வரும்போது அந்தச் சுவருக்குள் இரத்தம் பெருகி, அதிலிருந்து நீர் கசியும். ஈரம் என்று நாம் சொல்வது இதுதான். மாதவிடாய் நின்றபின் ஓமோன் விழ, அடுக்குகள் மெலிகின்றன, மடிப்புகள் மழுங்குகின்றன, இரத்த ஓட்டம் குறைகிறது, வாசல் சுருங்குகிறது. அந்தத் தோலில் வாழ்ந்து அமிலத்தைச் சுரந்து காவல் காத்த நல்ல பக்டீரியாக்களும் குறைகின்றன. முன்பு 4.5க்குக் கீழே இருந்த பி.எச். அளவு 5ஐத் தாண்டும், அதாவது அமிலம் குறையும். வேறு கிருமிகள் வந்து குடியேறும். சலப்பையின் வாசலும் அதே ஓமோனைத்தான் நம்பியிருக்கிறது. அதனால்தான் இந்தப் பெண்களில் பலருக்குச் சலம் அடக்க முடியாமை, அடிக்கடி சலத்தில் கிருமி, சலம் போன பின் எரிவு எல்லாம் சேர்ந்து வரும்.

மாதவிடாய் நிற்கும் காலத்து உடற்சூடும் வியர்வையும் சில வருடத்தில் தாமாக அடங்கிவிடும். இது அடங்காது. மருந்து போடாவிட்டால் வருடத்துக்கு வருடம் கூடும். "வயது போனால் அப்பிடித்தான், பொறுத்துக்கொள்" என்று மூத்த பெண்கள் சொல்வது உடற்சூட்டுக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது.

மனைவி ஆசையில்லாமல் இருப்பதால் ஈரம் வரவில்லை என்று நீங்கள் நினைத்திருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். ஆசை இருந்தும் ஈரம் வராது, ஏனென்றால் ஈரத்தைக் கசியவிடும் சுவரே மெலிந்துபோயிற்று. அந்தக் காய்ந்த தோலில் இரண்டு மூன்று தடவை நொந்துவிட்டால் உடம்பு அதைப் படித்துவிடும். அடுத்த தடவை நீங்கள் கிட்ட வரும்போதே, அவ நினைக்காமலே, இடுப்பின் அடித்தளத் தசை இறுகும். கண்ணுக்கு முன்னால் கை வந்தால் இமை மூடுவது போல. தோலும் காய்ந்து தசையும் இறுகியபின் நோவு இரட்டிப்பு.

உங்கள் பக்கம் நடப்பது வேறு கதை, ஆனால் அதே நிமிடத்தில் நடக்கிறது. விறைப்பு என்பது இரத்தக் குழாய்கள் தளர்ந்து இரத்தம் உள்ளே நிற்பது. குழாய் தளர வேண்டுமென்றால் மனம் அமைதியாக இருக்க வேண்டும். பயமோ குற்ற உணர்வோ வந்தால் உடம்பு அட்ரினலினை இறக்கும், அது அந்தக் குழாய்களை நொடியில் சுருக்கும். நாய் துரத்தும்போது ஒருவருக்கும் விறைப்பு இருக்காது என்று நான் நோயாளிகளுக்குச் சொல்வேன். மனைவி மூச்சை இழுத்துப் பிடிப்பதைக் கண்டதும் "நோகப்பண்ணுறன்" என்ற எண்ணம் வருகிறதே, அதுதான் உங்களைத் துரத்தும் நாய். இருபத்தைந்து வயதில் அதையும் மீறி விறைப்பு நின்றிருக்கும். 59இல் குழாய்களுக்கு அவ்வளவு மிச்சம் இல்லை. போதாததற்கு, காய்ந்து இறுகிய வாசலுக்குள் போக முன்னரைவிடக் கூடிய விறைப்பு தேவைப்படுகிறது. தேவை கூடும் நேரத்தில் கையிருப்பு குறைகிறது.

இதில் ஆண்கள் பலரும் செய்யும் ஒரு பிழை இருக்கிறது. ஒன்றிரண்டு தடவை தளர்ந்துவிட்டால் அடுத்த தடவை அவசரப்படுவார்கள், "இருக்கிறபோதே போய்விட வேண்டும்" என்று. மனைவியின் உடம்பு ஆயத்தமாக முன்பு ஐந்து நிமிடம் போதுமென்றால் இப்போது இருபது நிமிடம் வேண்டும். அவர்களோ ஐந்தை இரண்டாக்குகிறார்கள். அவவுக்கு இன்னும் நோகும், அதைக் கண்டு இவருக்கு இன்னும் விரைவாகத் தளரும். கொஞ்ச நாளில் இரண்டு பேரும் கட்டிலின் இரண்டு கரையில் படுப்பார்கள். அவ மனதுக்குள் "இவருக்கு நான் கிழவியாப் போனன்" என்றோ, "வெளியில ஏதோ இருக்கு" என்றோ நினைப்பா. இவர் "என்ர ஆண்மை முடிஞ்சுது" என்று நினைப்பார். நல்லூர் கொடியேறி இருபத்தைந்து நாளும் விரதம் என்று இருவரும் நிம்மதியாகத் தள்ளிப் படுத்துவிட்டு, திருவிழா முடிந்த பிறகும் விரதத்தை முடிக்காத தம்பதிகளை நான் கண்டிருக்கிறேன்.

உங்களுக்குக் குழாயில் வருத்தமில்லை, பதற்றம்தான் என்று நான் எண்ணுவதற்குக் காரணம் விடியற்காலை விறைப்பு. தூக்கத்தில் பதற்றம் இல்லை, அங்கே வேலை செய்கிறது. தனியாக இருக்கும்போதும் நன்றாக இருக்கிறதா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். விழித்து மனைவியோடு இருக்கும்போது மட்டும், அதுவும் அந்த ஒரு கட்டத்தில் மட்டும் தளர்ந்தால் அது பெரும்பாலும் இந்த வட்டம்தான். அதற்கு மாறாக, காலை விறைப்பும் மெல்ல மெல்லக் குறைந்து, எந்த நேரத்திலும் அரைகுறையாகவே இருந்தால் குழாயையும் நரம்பையும் சந்தேகிக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அதற்கு முதல் காரணம் சலரோகம். இரண்டும் கலந்தும் இருக்கலாம். ஆகவே வெறும்வயிற்றுச் சீனி, மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.வன்.சி, கொலஸ்ட்ரோல், பிறசர் நான்கையும் எப்படியும் பார்த்துவிடுங்கள். ஆணுறுப்பின் குழாய் இருதயக் குழாயைவிடச் சிறியது. கொழுப்பு படிந்தால் அங்கேதான் முதலில் தெரியும், நெஞ்சு நோவு வருவதற்குச் சில வருடங்கள் முன்பே. பிறசருக்கு ஏதும் குளிசை போடுகிறீர்கள் என்றால் அதையும் கொண்டுபோய்க் காட்டுங்கள், அட்டெனோலோல், எச்.சி.ரீ. போன்ற சில விறைப்பைக் குறைக்கும். காட்டாமல் நீங்களாக நிறுத்தவேண்டாம்.

இனி மருந்து. ஈரத்துக்கு உடனே பாவிப்பதும், தோலைத் திருத்துவதும் இரண்டு வேறு வேலைகள். இதைக் குழப்பித்தான் பலர் "மருந்து வேலை செய்யேல்லை" என்று வருவார்கள்.

சேரும் நேரத்தில் பூசும் வழுக்கு ஜெல் அன்றைக்கு உராய்வைக் குறைக்கும், தோலை மாற்றாது. பாமசியில் நீர் சேர்த்த ஜெல் வாங்கலாம். நிறமும் மணமும் சூடேற்றும் குணமும் இல்லாததாகப் பாருங்கள். அளவில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரு தேக்கரண்டியளவு, வாசலிலும் உங்கள் உறுப்பிலும். நீர் ஜெல் நடுவில் காயும், திரும்பப் பூச வேண்டும். சிலிக்கோன் வகை காயாமல் நிற்கும். தேங்காயெண்ணெய் பாவிக்கலாமா என்று எங்கள் ஊரில் எல்லோரும் கேட்பார்கள். ஆணுறை போடாத தம்பதிக்குச் சுத்தமான எண்ணெய் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும், ஆனால் அது ஆணுறையின் இறப்பரைக் கெடுக்கும். சீனி வருத்தமும் அடிக்கடி பூஞ்சைக் கடியும் உள்ள பெண்கள் அதைத் தவிர்ப்பது நல்லது. டெற்றோல் தண்ணீர், மஞ்சள் தண்ணீர், வேப்பிலை அவித்த தண்ணீர், வாசனைச் சவர்க்காரம் எதுவும் உள்ளே படக்கூடாது. எரிகிறது என்று கழுவக் கழுவ மிச்சமிருக்கும் காப்பும் போய்விடும். வெளிப்பக்கத்தை வெறும் தண்ணீரால் கழுவினால் போதும்.

தோலைத் திருத்துவது உள்ளே வைக்கும் ஈஸ்ட்ரஜன். கிறீமாகவும் சிறு குளிசையாகவும் வரும். ஈஸ்ட்ரியோல் கிறீம் என்றால், கூட வரும் குழலில் அடையாளக் கோடுவரை நிரப்பினால் அரைக் கிராம் கிறீம், அதற்குள் அரை மில்லிகிராம் மருந்து. முதல் இரண்டு மூன்று கிழமை ஒவ்வொரு இரவும், பிறகு கிழமைக்கு இரண்டு இரவு. குளிசையென்றால் பெரும்பாலும் ஈஸ்ட்ரடையோல் 10 மைக்ரோகிராம். இரண்டு கிழமை தினமும், பிறகு கிழமைக்கு இரண்டு. நோவு வாசலில்தான் என்றால் எனக்குக் கிறீமே விருப்பம். குளிசை உள்ளே ஆழத்தில் கரையும். கிறீமை ஒரு பட்டாணியளவு விரலில் எடுத்து வாசலின் ஓரத்திலும் தடவலாம். இரண்டு கிழமையில் எரிவு குறையத் தொடங்கும். தோல் உண்மையாகத் தடிக்க எட்டு முதல் பன்னிரண்டு கிழமை எடுக்கும்.

இங்கே நான் திரும்பத் திரும்பக் கண்ட பிழைகள் சில. மூன்றாம் நாள் எரிகிறது என்று நிறுத்துவது ஒன்று. மெலிந்த தோலில் முதல் கிழமை கிறீம் கொஞ்சம் கடிக்கும், அளவைப் பாதியாக்கித் தொடர்ந்தால் அடங்கும். சேருவதற்குச் சற்று முன் வழுக்கு ஜெல் போலப் பூசுவது இன்னொன்று. அது வழுக்கவும் போதாது, ஓமோன் உங்கள் தோலிலும் படும். படுக்கப் போகும் நேரத்துக்கு உரிய மருந்து அது. நன்றாகிவிட்டது என்று மூன்றாம் மாதம் நிறுத்துவது மற்றொன்று. ஓமோன் திரும்பச் சுரக்கப் போவதில்லை, நிறுத்தினால் சில மாதத்தில் பழைய நிலைதான். விரத நாளில் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு, பிறசர் குளிசையை விரத நாளில் விடுவீர்களா என்று நான் திருப்பிக் கேட்பேன்.

அநேகரை நிறுத்தவைப்பது பெட்டிக்குள் இருக்கும் தாள். மார்புப் புற்றுநோய், பாரிசவாதம், இரத்தக் கட்டி என்று அதில் அச்சடித்திருக்கும். அந்த எச்சரிக்கைகள் வாயால் விழுங்கும் ஓமோன் குளிசைகளைப் பற்றிய ஆய்வுகளிலிருந்து, முக்கியமாக 2002இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்விலிருந்து வந்தவை. உள்ளே வைக்கும் சிறிய அளவிலிருந்து இரத்தத்தில் ஏறுவது மிகக் கொஞ்சம். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு வழமையாக இருக்கும் அளவுக்குள்தான் நிற்கும். ஆகவே கர்ப்பப்பையைக் காக்க இன்னொரு ஓமோன் சேர்க்கவும் தேவையில்லை. ஆனால் மார்புப் புற்றுநோய் வந்தவர்கள் அப்படியல்ல. தெல்லிப்பழையில் சிகிச்சை எடுத்து லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்ற குளிசையில் இருப்பவர்கள் தங்கள் கான்சர் வைத்தியரைக் கேளாமல் தொடக்கூடாது. அவர்களுக்கு முதலில் ஓமோன் இல்லாத ஈரக் கிறீமைக் கொடுத்துப் பார்ப்போம். கிழமைக்கு இரண்டு மூன்று தடவை, சேர்ந்தாலும் சேராவிட்டாலும்.

ஒரு தம்பதியின் கதையைச் சொன்னால் மிச்சம் விளங்கும். ஆளை அடையாளம் காணாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். கோண்டாவில் பக்கம், ஓய்வுபெற்ற ஆசிரியர், 61. மனைவிக்கு 55. பிள்ளைகள் இருவரும் கனடாவில். அவர்தான் முதலில் வந்தார், உங்களைப் போல. கையில் வெறும் குளிசை அட்டை. இரண்டு வருடத்தில் மூன்று இடத்தில் மருந்து எடுத்திருந்தார், ஒரு இடத்திலும் மனைவியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. "அடுத்த முறை அவவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ மாஸ்ரர்" என்றேன். மூன்று மாதம் வரவில்லை. பிறகு இருவரும் வந்தார்கள்.

அவவின் பழைய மருந்துத் துண்டுகளைப் பார்த்தேன். ஒரு வருடத்தில் நான்கு தடவை சலக் கிருமிக்கு மருந்து, இரண்டு தடவை பூஞ்சைக்கு. எல்லா இடத்திலும் அவ சொன்னது ஒன்றுதான்: "கீழ்ப்பக்கம் எரியுது." எங்கள் பெண்கள் வைத்தியரிடம் இதைத் தாண்டிச் சொல்லமாட்டார்கள், நேரமில்லாத வைத்தியரும் இதைத் தாண்டிக் கேட்கமாட்டார். ஆகவே சலம் சோதிப்பார்கள், ஒன்றும் இல்லாவிட்டாலும் அன்ரிபயோற்றிக் எழுதுவார்கள். பரிசோதித்தபோது சுவர் வெளிறி, மடிப்பில்லாமல், தொட்ட இடத்தில் புள்ளி புள்ளியாக இரத்தம் கண்டது. வாசலின் பின்னோரத்தில் ஆறிய கீறல். வெள்ளைத் தழும்பு இல்லை, கட்டி இல்லை. ஸ்கானில் உட்படலம் 3 மில்லிமீற்றர்.

அவவுக்குக் கிறீம் எழுதினேன். இருவருக்கும் சேர்த்து ஒரு தடையும் போட்டேன்: எட்டுக் கிழமைக்கு உள்ளே போகும் முயற்சியே கூடாது. ஆசை வந்தாலும், விறைப்பு நன்றாக நின்றாலும் கூடாது. இந்தத் தடையைப் பலர் வீண் என்று நினைப்பார்கள். உண்மையில் பாதி மருந்து இதுதான். அவவின் தோல் தடிக்க அவ்வளவு காலம் வேண்டும். அதற்குள் இன்னொரு நோவு பட்டால் தசை திரும்பவும் இறுகப் படிக்கும். அவருக்கோ பரீட்சையே இல்லையென்றால் பெயிலாகும் பயமும் இல்லை. தடை என்றவுடன் மாஸ்ரர் பெருமூச்சு விட்டார், அது ஏமாற்றப் பெருமூச்சு அல்ல.

முதல் இரண்டு கிழமையில் அவவுக்கு எரிவு வந்தது, அளவைப் பாதியாக்கினோம். மூன்றாம் கிழமையிலிருந்து கிழமைக்கு இரண்டு இரவு, அரை மணித்தியாலம், ஒருவரை ஒருவர் தடவுவது மட்டும், மார்பையும் கீழ்ப்பக்கத்தையும் விட்டு. "சின்னப் பிள்ளை விளையாட்டு" என்று அவ சிரித்தா. நான்காம் கிழமைக்குப் பின் அந்த இடங்களையும் சேர்க்கச் சொன்னேன். அவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன்: விறைப்பு வந்ததும் வேண்டுமென்றே தொடுவதை நிறுத்தி, அது முழுதாகத் தளரும்வரை கதைத்துக்கொண்டு இருங்கள், பிறகு மறுபடியும். ஒரே இரவில் மூன்று தடவை போய் வந்தது என்று அடுத்த முறை வந்து சொன்னார். போனது திரும்பி வரும் என்பதை அவருடைய உடம்பு கண்டுகொண்டது. எந்த விரிவுரையாலும் அதைச் சொல்லிக்கொடுக்க முடியாது.

ஆறாம் கிழமை அவவுக்கு வேறு பயிற்சி. தன் விரலில் ஜெல் பூசி, வாசலில் வைத்து, மூச்சை வெளியே விடும்போது மெல்லக் கீழ்நோக்கி முக்குவது. சலம் போகத் தொடங்கும்போது விடுவது போல அடித்தளத் தசை தளரும். முதலில் ஒரு விரல், பிறகு இரண்டு. தசையை இறுக்கும் பயிற்சியை யாரோ அவவுக்குச் சலம் கசிவதற்காகச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதை இந்தக் காலத்துக்கு நிறுத்தச் சொன்னேன். ஏற்கனவே இறுகியதை மேலும் இறுக்கினால் நோவு கூடும்.

ஒன்பதாம் கிழமைதான் சேர முயன்றார்கள். அவ மேலே, அவர் அசையாமல். உள்ளே எடுப்பதும் நிறுத்துவதும் அவவின் கையில். அன்றைக்கு நுனி மட்டும் போய், ஒரு நிமிடம் அப்படியே இருந்து, அதோடு நிறுத்தினார்கள். பிறகு ஒரு கிழமை நன்றாகப் போனது. அடுத்த தடவை நடுவில் கனடாவிலிருந்து மகளின் அழைப்பு வந்து மாஸ்ரருக்குத் தளர்ந்துவிட்டது. பழைய காலமென்றால் ஆறு மாதம் முகம் பாராமல் இருந்திருப்பார்கள். இந்தத் தடவை மகளோடு கதைத்து முடித்துவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு, திரும்பப் போய்ப் படுத்தார்களாம். "ரெலிபோனை மற்ற அறையில வைக்கச் சொல்லுங்கோ டொக்டர்" என்பது மட்டும்தான் அவவின் முறைப்பாடு.

அவருடைய எச்.பி.ஏ.வன்.சி 6.1 வந்தது. சலரோகம் இல்லை, எல்லைக் கோட்டில் நிற்கிறார். மாலையில் நடக்கத் தொடங்கினார். விறைப்புக் குளிசையும் அவருக்குக் கொஞ்சக் காலம் கொடுத்தேன், ஆனால் அவவின் தோல் ஆறிய பிறகுதான். உங்களுக்கும் அந்த வரிசைதான் என் விருப்பம். நீலக் குளிசை என்பது பொதுவாகச் சில்டெனாஃபில். வழமையாக 50 மில்லிகிராமில் தொடங்குவோம், 65 தாண்டியவர்களுக்கு 25. ஒரு மணித்தியாலம் முன்பு, கொழுப்பான சாப்பாட்டுக்குப் பிறகு அல்ல. அது ஆசையையோ ஈரத்தையோ தராது, வரும் விறைப்பைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். காய்ந்த வாசலில் அதன் பொருள் இன்னும் கூடிய உராய்வு, இன்னும் கூடிய நேரம். போன மாதம் நீங்கள் கண்டது அதைத்தான். நெஞ்சு நோவுக்கு நாக்கின் கீழ் வைக்கும் குளிசையோ, ஐசோசோர்பைட் குளிசையோ பாவிப்பவர்கள் இதைத் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் பிறசர் ஆபத்தான அளவுக்கு விழும். குளிசை போட்ட அன்று நெஞ்சு நொந்து ஆஸ்பத்திரிக்குப் போனால், வெட்கப்படாமல் அதை முதலில் சொல்லுங்கள். புரொஸ்டேற்றுக்கு டாம்சுலோசின் போன்றவை எடுப்பவர்களும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

பன்னிரண்டு கிழமை ஒழுங்காகக் கிறீம் வைத்தும் நோவு குறையாவிட்டால் இது வேறு வருத்தம், அல்லது இதோடு வேறொன்றும் இருக்கிறது. இரவில் கூடும் கடியும் வெள்ளைத் தழும்பும், வெளியிதழ்கள் தேய்ந்து ஒட்டிக்கொள்வதும் கண்டால் அது லைக்கன் ஸ்கிளரோசஸ் என்ற தோல் நோயாக இருக்கலாம். அதற்கு ஓமோன் போதாது, குளோபெட்டசோல் போன்ற வலுவான ஸ்டீரொயிட் களிம்பு வேண்டும்; சிறிதளவு புற்றுநோய் அபாயமும் இருப்பதால் தொடர்ந்து பார்க்க வேண்டும். நோவு வாசலில் இல்லாமல் ஆழத்தில் என்றாலும் மறுபடியும் பரிசோதிக்க வேண்டும். தோல் நன்றாகியும் விரல் நுழையாமல் தசை இறுகினால் பிசியோதெரபி உதவும். உங்கள் பக்கம், அவவின் நோவு முற்றாகப் போன பிறகும் விறைப்பு வராவிட்டாலோ, ஆசையே குறைந்துவிட்டாலோ, காலை வேளையில் இரத்தம் எடுத்து டெஸ்ரோஸ்ரெறோன் அளவு பார்க்கலாம். அதை முதலிலேயே பார்த்துப் பணம் செலவழிக்கத் தேவையில்லை.

எங்கே காட்டுவது? இரத்தம் பட்டதால் உங்கள் மனைவிக்கு முதல் இடம் பெண்ணோயியல் நிபுணர், வி.ஓ.ஜி. யாழ் போதனா வைத்தியசாலைக்கு ஒரு வைத்தியர் எழுதிய துண்டோடு போனால் ஸ்கானும் அங்கேயே எடுக்கலாம். தனியாரில் போனாலும் சரி. இரத்தம் படாத, நோவு மட்டும் உள்ள பெண்களுக்கு, உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக் நல்ல வாசல். கட்டணம் இல்லை, பெண்களே பரிசோதிக்கும் இடம் பல உண்டு, பிறசரும் சீனியும் கர்ப்பப்பைக் கழுத்துச் சோதனையும் சேர்த்துப் பார்த்துவிடுவார்கள். உங்களுக்கு ஒரு குடும்ப வைத்தியர் போதும்.

அங்கே போய் அவ என்ன சொல்ல வேண்டும் என்பதை வீட்டிலேயே பேசி வையுங்கள். "கீழ்ப்பக்கம் எரியுது" என்று மட்டும் சொன்னால் திரும்பவும் சலக் குப்பிதான் கையில் தருவார்கள். "மாதவிடாய் நிண்டு மூண்டு வருசம். அதுக்குப் பிறகு உள்ள காய்ஞ்சு போச்சு, கணவரோட சேரேக்க நோகுது, போன மாதம் இரத்தமும் பட்டது." இவ்வளவும் சொன்னால் போதும். வாயால் சொல்ல வெட்கமென்றால் ஒரு கடதாசியில் எழுதிக் கொடுக்கட்டும். அப்படி நாலாக மடித்த கடதாசிகள் என் மேசைக்கு நிறைய வந்திருக்கின்றன, சிலவற்றில் எழுத்து கணவருடையது.